மெத்தைக்கு என்ன பேர் வைக்கலாம்?

கேள்வி: பொள்ளாச்சியில ரப்பரைஸ்டு காயர் மெத்தையும் கட்டிலும் சொந்த பிராண்டுல போடப்போறோம் அக்கா. ‘சாஃப்ட் ஸ்லீப்’, ‘பஞ்சுமெத்து’, ‘தேக்கு ஹோம்’னு மூணு பேர் யோசிச்சு வச்சிருக்கோம். பேர கேட்டதுமே சொகுசா இருக்கும், ரொம்ப நாள் உழைக்கும்னு தோணணும். எத வைக்கலாம்?

பதில்: மூணுமே வேணாம் தம்பி.

‘சாஃப்ட் ஸ்லீப்’ பொருளோட குணத்த அப்படியே சொல்லுது, அந்த மாதிரி பேர டிரேட்மார்க் சட்டம் 9வது பிரிவுல பொதுவா மறுத்துருவாங்க, ஏன்னா எந்த மெத்தைக்காரரும் சொல்லவேண்டிய வார்த்தைய ஒருத்தருக்கே எழுதிக் குடுக்க முடியாது. ‘ஸ்லீப்வெல்’ மட்டும் எப்படினு கேப்பீங்க, அது பல வருஷமா வித்து வித்து ஜனங்க மனசுல பதிஞ்ச பேரு, புதுசா வர்றவங்களுக்கு அந்த வசதி கிடையாது. ‘தேக்கு’ல ரெண்டு பக்கமும் சிக்கல். கட்டில் தேக்கா இருந்தா பொருளோட பேரையே வச்சதா ஆகும், வேற மரமா இருந்தா ஏமாத்துற பேரா ஆகும்.

‘பஞ்சுமெத்து’ வேற ரகம். கேக்க இதமாத்தான் இருக்கு, ஆனா பஞ்சுன்னதும் ஆறு மாசத்துல அமுங்கி கட்டி கட்டியா ஆகுறதும் சேர்ந்தே ஞாபகம் வருதே. அதுவும் உங்க மெத்தை காயர், கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும், பேர நம்பி வாங்கினவங்க முதல் ராத்திரியே என்னடா இதுனு கேப்பாங்க.

சொகுசு, உழைப்பு ரெண்டையும் ஒரே பேர்ல எப்படி கொண்டுவர்றதுனா, மெத்தைய விட்டுட்டு அது தர்ற பலன யோசிங்க. ‘வேக்ஃபிட்’ தூக்கத்தப் பத்தி பேசாம காலைல எழுந்திரிக்கிறதப் பத்தி பேசுது. ‘டியூரோஃப்ளெக்ஸ்’ முன்பாதில உழைப்பையும் பின்பாதில வளைஞ்சு குடுக்கறதையும் வச்சிருக்கு. சத்தமும் வேலை செய்யும், ட, க, ப மாதிரி வல்லினம் உறுதியா கேக்கும், ம, ண, ல வந்தா இதமா கேக்கும், அதனால ரெண்டும் கலந்திருக்கணும்.

எனக்குத் தோணுறது ‘திண்ணை’. சாப்பிட்டுட்டு காத்தாட சாயுற இடம், தாத்தா காலத்துல கட்டினது இன்னும் நிக்குது, ஆனா மெத்தைனோ கட்டில்னோ எங்கயும் சொல்லல. வல்லினத்துல ஆரம்பிச்சு மெல்லினத்துல முடியுது. குறையும் இருக்கு, மெத்தைய மெத்துனு எதிர்பாக்குறவங்களுக்கு கல்லு மாதிரி இருக்குமோனு தோணலாம், இங்கிலீஷ்ல Thinnaiனு எழுதினா சிலர் தினைனு படிப்பாங்க, தமிழ்நாட்டத் தாண்டிட்டா அர்த்தமும் போயிரும்.

முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்க தொழில் தெரியாத பத்து பேர்கிட்ட பேர மட்டும் போன்ல சொல்லி, இது என்ன கடை, பொருள் மெதுவா கெட்டியா, எத்தன வருஷம் வரும்னு கேளுங்க, அப்புறம் இங்கிலீஷ்ல டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க. ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங் வந்தா தேடுற கஸ்டமர் உங்கள கண்டுபிடிக்க மாட்டாரு. அந்த ஸ்பெல்லிங் எல்லாத்தையும் டிரேட்மார்க் பதிவு பண்ற ஆபீஸோட ipindia.gov.in பப்ளிக் சர்ச்ல, மெத்தை, கட்டில் வர்ற பிரிவான கிளாஸ் 20ல, ஒரே மாதிரி ஒலிக்கிற பேருக்கான ஃபோனெட்டிக் தேடல்லயும் போட்டுப் பாருங்க. பெட்ஷீட்டும் விக்கிற எண்ணம் இருந்தா கிளாஸ் 24லயும் தேடிருங்க. அதுக்கப்புறம் போர்டு அடிச்சா போதும்.