அண்ணாச்சிக்குக் கடிதம் எழுதும்போது

கேள்வி: டவுனில் ஒரு மளிகைக் கடையில் ஆள் எடுக்கிறார்கள். முதலாளியைச் சின்ன வயதிலிருந்தே 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுகிறேன். விண்ணப்பத்தில் எப்படி விளிப்பது?
– வாசகர், பேட்டை

நேரில் பார்க்கும்போது அண்ணாச்சிதான். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் விண்ணப்பம் கோப்பில் போய் உட்காரும்; கணக்குப்பிள்ளையும் மேலாளரும்கூடப் படிப்பார்கள். அதனால் 'மதிப்பிற்குரிய ஐயா,' போதும். பெறுநர் முகவரியில் 'உயர்திரு' போட்டு, பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' சேருங்கள். பெயர் தெரியாவிட்டால் 'உரிமையாளர் அவர்கள்' என்று எழுதலாம். படிப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியவில்லையா? 'ஐயா / அம்மையீர்' என்று எழுதிவிடுங்கள். மரியாதையைக் கூட்டுவதாக நினைத்து 'மாண்புமிகு' மட்டும் வேண்டாம். அது அமைச்சருக்கும் நீதிபதிக்கும் உரியது, கடைக்காரரே சிரித்துவிடுவார்.

கேள்வி: ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்கர் வேலை கேட்டு எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.
– வாசகி, வீரவநல்லூர்

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் முழுக்க மாற்றச் சொல்வேன். நீங்கள் எழுதியது இது:

"ஐயா, நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவள். எனது குடும்ப வறுமையைக் கருத்தில் கொண்டு, கருணை கூர்ந்து எனக்கு ஒரு வேலை வழங்கி ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

இது மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளன்று கொடுக்கும் நடை. பள்ளியில் விடுப்புக் கடிதத்துக்கு அப்புறம் நம்மில் பலர் தமிழில் எழுதுவது மனு மட்டும்தான், அதனால் கை தானாக அங்கே போய்விடுகிறது. 'ஆவன செய்யுமாறு' என்பது அதிகாரியிடம் நடவடிக்கை கேட்கும் சொல். 'கருணை கூர்ந்து' உதவி கேட்கும் சொல். கடைக்காரர் தேடுவது கணக்கு எழுதத் தெரிந்த ஆளை. உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. இரண்டு வருஷம் உரக்கடையில் டேலியில் கணக்கு எழுதினேன் என்று எனக்கு எழுதிய குறிப்பில் சொல்கிறீர்களே, அதுதான் விண்ணப்பத்தில் இருக்க வேண்டியது! இப்படி மாற்றிப் பாருங்கள்:

"பொருள்: கணக்கர் பணிக்கு விண்ணப்பித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடை வாசலில் உள்ள அறிவிப்பின் வாயிலாக, கணக்கர் பணிக்கு ஆள் தேவை என்பதை அறிந்தேன். அப்பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.

நான் வணிகவியலில் இளநிலைப் பட்டம் பெற்றுள்ளேன். வீரவநல்லூரில் உரக்கடையொன்றில் இரண்டு ஆண்டுகள் டேலியில் கணக்கு எழுதினேன். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. விவரங்களைத் தொகுத்துத் தணிக்கையாளரிடம் கொடுத்து வந்தேன்.

நேர்காணலுக்கு அழைத்தால் அசல் சான்றிதழ்களுடன் நேரில் வருகிறேன். நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,"

இதன் கீழே கையொப்பம், பெயர். இடப்பக்கம் இடம், நாள். அதற்கும் கீழே 'இணைப்பு' என்று போட்டு, வைத்திருக்கும் நகல்களை வரிசையாக எழுதுங்கள். பத்திரிகை விளம்பரம் பார்த்து எழுதுவதானால் பொருளுக்குக் கீழே 'பார்வை' என்று ஒரு வரி சேர்த்து, இதழின் பெயரையும் தேதியையும் கொடுக்க வேண்டும்.

பணிவு குறைந்துவிட்டதோ என்று தோன்றலாம். 'தங்கள்', 'அறிந்தேன்', 'நேர்காணலுக்கு அழைத்தால்' எல்லாமே பணிவுதான். கெஞ்சல்தான் போயிருக்கிறது. வீட்டு நிலைமையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நேர்காணலில் வாயால் சொல்லுங்கள்.

கேள்வி: 'தங்கள்' எழுதுவதா, 'உங்கள்' எழுதுவதா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

இரண்டும் மரியாதைதான். விண்ணப்பத்துக்குத் 'தங்கள்' பொருந்தும். எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் 'தங்கள் நிறுவனம்', மூன்றாம் பத்தியில் 'உங்க கம்பெனி' என்றால் இரண்டு பேர் சேர்ந்து எழுதியது போல இருக்கும்.

'தங்கள்' ஓர் இடத்தில் காலை வாரும். "ஊழியர்கள் தங்கள் கடையைப் பற்றிச் சொன்னார்கள்" என்று எழுதினால் கடை யாருடையது? ஊழியர்களுடையது என்றும் படிக்கலாம். அந்த மாதிரி வாக்கியத்தை உடைத்துவிடுங்கள்: "தங்கள் கடையைப் பற்றி அங்குள்ள ஊழியர்கள் வாயிலாக அறிந்தேன்."

கேள்வி: அனுப்புனரா, அனுப்புநரா?
– வாசகி, பாளையங்கோட்டை

அனுப்புநர். பெறுநர், ஓட்டுநர், இயக்குநர் எல்லாவற்றுக்கும் அதே 'ந'தான். அனுப்பு என்ற வினையோடு 'நர்' சேர்கிறது, அவ்வளவே.

கேள்வி: எதிர்பார்க்கும் சம்பளத்தை எழுதலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

அறிவிப்பில் கேட்டிருந்தால் மட்டும், "எதிர்பார்க்கும் மாத ஊதியம்: ரூ. …" என்று ஒரே வரி. கேட்கவில்லை என்றால் அந்தப் பேச்சை முதலாளியே எடுக்கட்டும்.