லா சப்பலில் சீட்டெடுத்துக் கடை போடலாமா?

கிளிநொச்சியிலிருந்து போன என்ர தம்பி பாரிஸ் லா சப்பலில் தமிழ்க் கடையில் நிற்கிறான். சீட்டெடுத்துச் சொந்தக் கடை போடலாமா?

போடலாம், பலர் அப்படித்தான் தொடங்கினவை. 20 பேர் மாதம் 500 யூரோ கட்டினால் சீட்டு 10,000. தம்பி இரண்டாம் மாதமே 1,500 கழிவுக்குக் கேட்டு எடுத்தால் கையில் 8,500 வரும். பிறகு மிச்ச 18 மாதமும் 500 கட்டத்தான் வேணும். சம்பளத் துண்டு கேட்க மாட்டினம், ஊரில் உங்கட வீட்டை அறிஞ்ச ஒருவர் சொன்னால் போதும். ஆனால் அந்தக் கட்டுக்காசு எந்த வங்கியிலும் பதிவாகாது. ஒழுங்காகக் கட்டி முடித்தவனும் வங்கிக்குப் புது ஆள்தான். சீட்டுப் பிடித்தவர் தலைமறைவானால் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை மொழி. காலையில் மரக்கறிப் பெட்டி இறக்கி இரவு கடை பூட்டும்வரை தமிழே போதும். வாடகை ஒப்பந்தமும் வரிக் கடிதமும் பிரெஞ்சில்தான் வரும். கடை போட முதல் பிரெஞ்சு மாலை வகுப்பில் சேரச் சொல்லுங்கோ.