மழைக்கும் இரவுக்கும் ஒரே எண்: சர்வைவல் கேமில் வெளிச்சம்

கேள்வி: கோடோவில் ஒரு சின்ன சர்வைவல் கேம் செய்கிறேன். சூரியனைச் சுழற்றி பகல் இரவு கொண்டுவந்துவிட்டேன், மழை எஃபெக்டும் போட்டாச்சு. ஆனால் பார்க்க அழகாக இருக்கிறதே தவிர ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை. இதை எப்படி இணைப்பது?

திரையில் தெரியும் வெளிச்சத்தை அளந்து ஆட்டத்தை நடத்தப் பார்க்காதீர்கள். இருட்டு எவ்வளவு என்பதை ஒரு எண்ணாக முதலில் கணக்கிடுங்கள். சூரியன், வானத்தின் நிறம், ஜாம்பி வருவது எல்லாம் அந்த எண்ணைப் பார்த்து நடக்கட்டும். திரையை நம்பினால் என்ன ஆகும் தெரியுமா? ஆடுபவர் மானிட்டர் பிரைட்னஸைக் கூட்டிவிட்டு உங்கள் இரவை ஒன்றுமில்லாமல் செய்துவிடுவார். எண்ணை அவரால் தொட முடியாது.

இதை நன்றாகச் செய்திருக்கும் ஆட்டம் மைன்கிராஃப்ட். அதில் ஒரு நாள் 24,000 டிக். வினாடிக்கு 20 டிக் என்பதால் 20 நிமிடம். ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டு வெளிச்சம் சேமிக்கப்படுகிறது: வானத்திலிருந்து வருவது, டார்ச் போன்றவற்றிலிருந்து வருவது. இரண்டும் 0 முதல் 15 வரை. சுவாரசியமான விஷயம், பொழுது சாயும்போது சேமித்த வான வெளிச்சம் மாறுவதே இல்லை. திறந்தவெளியில் நடுப்பகலிலும் 15தான், நள்ளிரவிலும் 15தான். உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரே ஒரு கழித்தல் எண் இருக்கிறது. அதை வான வெளிச்சத்திலிருந்து கழித்து, மிச்சத்தையும் டார்ச் வெளிச்சத்தையும் ஒப்பிட்டு, எது பெரிதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். லட்சக்கணக்கான பிளாக்குகளை மாலைதோறும் மறுபடி கணக்கிடும் வேலை இதனால் மிச்சம்.

அந்தக் கழித்தல் எண்ணை கோடோவில் இப்படி எழுதலாம்:

```gdscript
# t: 0.0 = நடுப்பகல், 0.5 = நள்ளிரவு
func sky_darken(t: float, rain: float, storm: float) -> int:
    var sun := 0.5 + 2.0 * clampf(cos(t * TAU), -0.25, 0.25)
    var wet := (1.0 - rain * 5.0 / 16.0) * (1.0 - storm * 5.0 / 16.0)
    return int((1.0 - sun * wet) * 11.0)
```

எண்களைப் போட்டுப் பாருங்கள். தெளிந்த நடுப்பகலில் கழிப்பது 0, வெளிச்சம் 15. மழை பெய்தால் 3 கழிந்து 12. இடியோடு புயல் என்றால் மழையும் சேர்ந்துதான் வரும், 5 கழிந்து 10. நள்ளிரவில் 11 கழிந்து 4. மழையையும் சூரியனையும் கூட்டாமல் பெருக்கியிருப்பதைக் கவனியுங்கள். கூட்டியிருந்தால் மழை பெய்யும் நள்ளிரவில் எண் எல்லை தாண்டிப் போயிருக்கும். பெருக்கினால் நள்ளிரவில் சூரியன் 0, அப்புறம் எந்த மழை வந்தாலும் 4க்குக் கீழே போகாது.

`clampf` இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. வெறும் `cos` போட்டால் நாள் முழுக்க வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும், எப்போது ஆபத்து தொடங்குகிறது என்று ஆடுபவருக்குப் பிடிபடாது. இங்கே பகல் தட்டையாக, இரவும் தட்டையாக. 20 நிமிட நாளில் மாற்றமெல்லாம் காலையில் ஏறக்குறைய 96 வினாடி, மாலையில் அதே 96 வினாடி. வீட்டுக்கு ஓட வேண்டிய நேரம் எது என்று ரெண்டு நாளில் பழகிவிடும்.

சரி, இப்போது ஆட்டத்துக்கு வருவோம். உங்கள் கேமில் வெளிச்சம் 7 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பகை உயிர்கள் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (மைன்கிராஃப்டிலும் பல ஆண்டுகள் இதுதான் விதி. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலிருந்து டார்ச் பக்கத்து வெளிச்சம் 0 ஆக இருந்தால்தான் வரும் என்று மாற்றினார்கள்.) மேலே உள்ள சூத்திரத்தில் தெளிந்த மாலையைவிட மழை மாலையில் அந்த எல்லை சுமார் 12 வினாடி முன்னால் வருகிறது. புயல் மாலையில் சுமார் 29 வினாடி. அதாவது வானிலை இரவை முன்னே இழுக்கிறது, அதற்காகத் தனியாக ஒரு வரி கோடு கூட எழுதவில்லை.

ஆனால் நடுப்பகல் புயலில் வெளிச்சம் 10தான், எல்லைக்குக் கீழே போகவில்லை. புயல் என்றால் பயம் வேண்டாமா? மைன்கிராஃப்ட் இங்கே வேண்டுமென்றே இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. கண்ணுக்கு 5 கழிக்கிறது. பகை உயிர்கள் வரலாமா என்று பார்க்கும்போது மட்டும், இடி இருந்தால் 10 கழிக்கிறது. பார்க்க வெளிச்சம் 10, விதிக்கு 5. எனக்குப் பிடித்த இடம் இது. புயலை நள்ளிரவு மாதிரி கறுப்பாக்கியிருந்தால் ஆடுபவர் எதையும் பார்க்க முடியாமல் கடுப்பாகியிருப்பார். இப்போது அவருக்குக் கண் தெரிகிறது, ஆபத்தும் இருக்கிறது, இடிச் சத்தமே எச்சரிக்கை. நீங்களும் விதிக்கான எண்ணைத் தனி ஃபங்ஷனாக வையுங்கள்.

`rain`, `storm` இரண்டையும் சுவிட்ச் போல 0, 1 என்று மாற்றாதீர்கள். மைன்கிராஃப்ட் டிக்குக்கு 0.01 ஏற்றுகிறது, முழு மழைக்கு 5 வினாடி. இடி அளவு 0.9ஐத் தாண்டிய பிறகுதான் புயல் விதிகள் தொடங்கும். கோடோவில் `rain = move_toward(rain, target, delta / 30.0)` என்று இன்னும் மெதுவாக வைத்தால், தூறல் தொடங்கியதும் கூரை தேட 30 வினாடி கிடைக்கும்.

உங்கள் கேம் பிளாக் உலகமாக இல்லாவிட்டால் வான வெளிச்சத்தைச் சேமித்திருக்க மாட்டீர்கள். ஆடுபவர் நிற்கும் இடத்திலும் உயிர்கள் வரக்கூடிய புள்ளிகளிலும் மட்டும் மேல்நோக்கி ஐந்தாறு ரே விடுங்கள், கொஞ்சம் சாய்வாகவும். எத்தனை வானத்தைத் தொட்டன என்பதை 15க்கு மாற்றிக்கொள்ளுங்கள். வினாடிக்கு நாலைந்து முறை போதும். நனைகிறாரா, தீ அணைகிறதா என்பதற்கும் இதே எண்ணைப் பயன்படுத்தலாம். கூரைக்குள் மழை பெய்கிற அசிங்கம் இருக்காது.

காட்சிக்கு `int` வேண்டாம், அதே கணக்கின் தசம மதிப்பை எடுங்கள். இல்லாவிட்டால் மாலையில் வெளிச்சம் படி படியாக இறங்குவது தெரியும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனதும் `DirectionalLight3D`யின் `light_energy` 0 ஆகிவிட வேண்டும். அணைக்காவிட்டால் அது கீழிருந்து அடித்து, பாலத்தின் அடிப்பக்கம், பாறை விளிம்பெல்லாம் நள்ளிரவில் மின்னும். குகை பகலில் மட்டும் சாம்பலாகத் தெரிகிறதென்றால் காரணம் ஆம்பியன்ட் வெளிச்சம், அதற்குச் சுவர் தெரியாது. ஆடுபவரின் வான எண் குறையும்போது `ambient_light_energy`யையும் சேர்த்துக் குறைத்தால் சின்ன கேமுக்குச் சமாளித்துவிடலாம். குகைக்குள் நின்று வெளியே பார்த்தால் வெளியும் கொஞ்சம் மங்கும், அது இந்த வழியின் குறை.

சோதிக்க, திரை மூலையில் நேரம், `rain`, `storm`, காட்சி எண், விதி எண் ஐந்தையும் அச்சிட்டுவிட்டு நாளை 60 மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள், அப்போது ஒரு நாள் 20 வினாடியில் முடியும். வேகத்தை உங்கள் நேர மாறியில் மட்டும் கூட்டுங்கள். `Engine.time_scale`ஐத் தொட்டால் உயிர்கள், பசி, மழை எல்லாமும் சேர்ந்து ஓடி, எது எதனால் மாறியது என்றே தெரியாமல் போய்விடும்.