மருத்துவமனை வாசலில் ஹாரன் அடித்தால் அபராதமா?

“டெல்லியில் எய்ம்ஸ் பக்கம் சிக்னலில் ஒரே ஒரு முறை ஹாரன் அடித்தாலும் குற்றமா? நீதிமன்றம் அருகிலும் அப்படித்தானா?”

மருத்துவமனை, நீதிமன்றம், கல்வி நிலையம் ஆகியவற்றைச் சுற்றி குறைந்தது 100 மீட்டர் வரை மாநில அரசு அறிவிக்கும் பகுதியே அமைதி மண்டலம். நோயாளியின் உறக்கமும் சாட்சியின் சொல்லும் தெருச் சத்தத்தில் கெடக் கூடாது என்பதே காரணம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவு, 2019 திருத்தத்தில் வந்தது. அது இரண்டு நிலைகளைப் பிரிக்கிறது. சாதாரணச் சாலையில், பாதுகாப்புக்குத் தேவையானதை விட அதிகமாகவோ தொடர்ந்தோ அடித்தால் குற்றம். திடீரெனக் குறுக்கே வருபவரை எச்சரிக்கும் ஒலி அதில் சேராது. அமைதி மண்டலம் போல, ஹாரன் தடைப் பலகை உள்ள இடத்தில் அடிப்பதோ தனிக் குற்றம். அங்கே ‘பாதுகாப்புக்காக’ என்ற விலக்கைச் சட்ட வாசகம் சொல்லவில்லை. கோயிலில் ‘படம் எடுக்காதீர்’ என்ற பலகைக்கு முன் ஒரு படம், பத்துப் படம் என்ற கணக்கு இல்லாதது போலத்தான்.

ஆகவே, பச்சை விளக்கு விழுந்தும் நகராத முன் காரை நோக்கி, பலகைக்கு அருகே ஒரே முறை ஹாரன் அடித்தாலும் சட்டப்படி அபராதம் 1,000 ரூபாய். மீண்டும் பிடிபட்டால் 2,000. (சிக்னலில் நிற்கும்போது அடிப்பதால் பயன் என்ன என்பது வேறு கேள்வி.) நீதிமன்றத்துக்கும் இதே விதிதான்.

அமைதி மண்டலத்துக்கான பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்ற ஒலி வரம்பைக் கருவியால் அளந்தால்தான் அபராதம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரம்பு அப்பகுதியின் மொத்தச் சத்தத்துக்கானது, 194எஃப் பிரிவு டெசிபல் கணக்கே கேட்பதில்லை.