அங்கே சனி இரவு, இங்கே ஞாயிறு காலை

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொமினிகேசன் கடை வைத்திருந்த காலத்தில் என் சுவரில் ஐந்து மணிக்கூடு தொங்கும். நம்ம ஊர், லண்டன், டொரொண்டோ, மெல்பேர்ன், குவைத். வருசத்துக்கு இரண்டு தடவை ஸ்டூல் போட்டு ஏறி நடுவிலுள்ள மூன்றின் முள்ளைத் திருப்புவேன். குவைத்தைத் தொட்டதே இல்லை. நம்ம ஊரை ஒரே ஒரு தடவை தொட்டேன். அந்தக் கதை கீழே வரும். கடை மூடி எவ்வளவோ நாளாகிவிட்டது, ஆனால் "அங்கே இப்போ எத்தனை மணி?" என்று கேட்பவர்கள் குறையவில்லை. இந்த ஜனவரியில் வந்த கேள்விகளில் சில இங்கே.

நோர்வூட்டிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, என் கூட்டாளி டொரொண்டோ போய் இரண்டு மாசம். "வெள்ளி ராத்திரி ஒன்பதுக்கு எடு" என்றாள். சரியாக வெள்ளி ராத்திரி ஒன்பதுக்கு எடுத்தேன். வேலையில் இருக்கிறேன் என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு.

நீ எடுத்த நேரத்தில் அவளுக்கு வெள்ளி காலை 10.30, தங்கச்சி. அவள் சொன்னது அவள் ஊர் ஒன்பது மணி. அப்போது உனக்கு சனி விடிந்து 7.30 ஆகியிருக்கும், நீ பெரட்டுக்குப் போய் கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்பாய். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. யாருடைய ஒன்பது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது டொரொண்டோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால். பத்தரையைக் கழிக்கப் போனால் தலை சுற்றும். அதனால் கடையில் நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். நம்ம நேரத்தில் காலையை இரவாக, இரவைக் காலையாக மாற்று, பிறகு ஒன்றரை மணித்தியாலம் கூட்டு. இங்கே காலை 7.30 என்றால் அங்கே இரவு 7.30, ஒன்றரை கூட்டினால் இரவு 9. இங்கே காலையாக இருந்து அங்கே இரவு என்று வந்தால் கிழமை ஒன்று பின்னுக்குப் போகும். பலரும் தவறுவது மணியில் இல்லை, இந்தக் கிழமையில்தான்.

உனக்கு ஞாயிறு, அவளுக்கு சனியும் ஞாயிறும் லீவு என்றால் இரண்டு நேரம் பொருந்தும். ஒன்று, உன் ஞாயிறு காலை 7.30, அவளுக்கு சனி இரவு 9. மற்றது, உன் ஞாயிறு இரவு 7.30, அவளுக்கு அதே ஞாயிறு காலை 9. நான் முதலாவதைத்தான் சொல்வேன். லீவு நாளில் ஒன்பது மணிக்கு எழுப்பினால் எந்தக் கூட்டாளியும் அரைத் தூக்கத்தில் "ம்ம்" என்று மட்டும்தான் சொல்வாள். அவளுக்கு இப்படி எழுதி அனுப்பு:

"உனக்கு சனி இரவு 9, எனக்கு ஞாயிறு காலை 7.30. சரியா? இல்லாவிட்டால் உனக்கு ஞாயிறு காலை 9, எனக்கு ஞாயிறு இரவு 7.30. எது வசதி?"

இரண்டு ஊர் மணியும் இரண்டு ஊர் கிழமையும் அதில் இருக்கவேண்டும். "நாளைக்கு", "இன்றிரவு" இரண்டும் வேண்டாம். அவள் வாசிக்கும்போது அவளுடைய நாளை வேறாக இருக்கும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு டீச்சர்: இவ்வளவு கணக்கு எதற்கு? கைக்கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் லண்டன் நேரம் தெரியும். அப்பா சொல்லித் தந்தது. எப்போதும் சரியாக இருக்கும்.

நல்ல வித்தை டீச்சர், அப்பா கெட்டிக்காரர். நமக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணித்தியாலம் என்பதால்தான் அது பலிக்கிறது. பகல் 2 மணிக்குக் கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்தால் சின்ன முள் 8 இருக்கும் இடத்தில் நிற்கும், பெரிய முள் 6இல். லண்டனில் அப்போது காலை 8.30.

ஆனால் "எப்போதும்" என்பதில் இரண்டு ஓட்டை இருக்கிறது. 2.45க்குத் திருப்பிப் பாருங்கள். சின்ன முள் 8ஐத் தாண்டி 9ஐ எட்டாமல் நிற்கும், பெரிய முள் 3இல். யாரும் 8.15 என்றுதான் வாசிப்பார்கள், உண்மையில் 9.15. நம்ம மணியில் அரை தாண்டிவிட்டால் வாசித்ததோடு ஒரு மணி கூட்டிக்கொள்ளவேண்டும்.

மற்ற ஓட்டை பெரியது. மார்ச் கடைசி ஞாயிறு லண்டன்காரர்கள் மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், ஒக்டோபர் கடைசி ஞாயிறுதான் திருப்பி வைப்பார்கள். இடையில் வித்தியாசம் நாலரைதான், அந்த ஏழு மாசமும் தலைகீழ்க் கடிகாரம் ஒரு மணி குறைத்துக் காட்டும். அப்பா அனேகமாக குளிர்காலத்தில் சொல்லித் தந்திருப்பார்.

தலவாக்கலையிலிருந்து ஒருவர்: நாங்கள் மூன்று பேரும் ஒரே வகுப்பு. ஒருத்தன் மெல்பேர்னில், ஒருத்தன் டொரொண்டோவில், நான் இங்கே. மூன்று பேரும் விழித்திருக்கும் நேரம் என்று ஒன்று உண்டா?

உண்டு, தம்பி. உங்கள் ஞாயிறு காலை 6.30. இப்போது அது டொரொண்டோவில் சனி இரவு 8, மெல்பேர்னில் ஞாயிறு பகல் 12. ஒருவர் மட்டும் விடியற்காலையில் எழும்பவேண்டும், அது நீங்கள். மலைநாட்டுக் குளிரில் போர்வைக்குள்ளிருந்தே பேசலாம், யார் பார்க்கப்போகிறார்கள்.

இந்த நேரத்தைச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. அவர்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நகர்பவர்கள். டொரொண்டோ மார்ச் இரண்டாவது ஞாயிறு முன்னே போகும், மெல்பேர்ன் ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே வரும். ஜூன் மாசம் பார்த்தால் உங்கள் அதே 6.30 டொரொண்டோவில் இரவு 9, மெல்பேர்னில் பகல் 11. இரண்டும் பேசக்கூடிய நேரம்தான். நடுவில் மார்ச்சில் சில வாரம் டொரொண்டோ மட்டும் மாறி மெல்பேர்ன் மாறாமல் இருக்கும், அப்போது இரவு 9, பகல் 12. அதுவும் பரவாயில்லை. நம்ம மணிக்கூடு நகராது என்பதால் அதில் ஆணி அடித்துவிட்டு, மற்ற இரண்டு பேரையும் தங்கள் பக்கம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மெல்பேர்ன் நண்பர் பிரிஸ்பேனுக்கு வீடு மாறினால் மட்டும் சொல்லுங்கள். குயின்ஸ்லாந்தில் மணி மாற்றுவதே இல்லை. அவருக்கு வருசம் முழுக்க 11 மணிதான்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அம்மா: நேரம் மாறுவது பற்றிச் சொல்கிறீர்களே ஐயா, என் மகள் 1998இல் காலை 6.10க்குப் பிறந்தாள். ஜாதகம் இரண்டு பேரிடம் எழுதினோம், இரண்டும் இரண்டு மாதிரி. வெளிநாட்டு நேரம் போட்டு எழுதிவிட்டார்களோ?

நான் போன் எடுக்கும் நேரம் சொல்கிறவன் அம்மா, ஜாதகம் பார்ப்பவன் இல்லை. ஆனால் உங்கள் கேள்வியில் விசயம் இருக்கிறது. வெளிநாட்டு நேரம் இல்லை, நம்ம நாட்டு நேரமே அப்போது வேறு. 1996இல் மழை பெய்யாமல் கரண்ட் தட்டுப்பாடு வந்தது. அந்த மே மாசம் மணிக்கூட்டை ஒரு மணி முன்னே வைத்தார்கள், ஒக்டோபரில் அரை மணி திருப்பினார்கள். மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே நின்றது. புத்தாண்டு முடிந்த கையோடு நம்ம ஊர் மணிக்கூட்டை நான் ஸ்டூலில் ஏறித் திருப்பியது அன்றைக்குத்தான். அதற்கு முந்திய வருசங்களில் ஜனவரி மாசம் பிள்ளைகள் லயத்திலிருந்து இருட்டோடு பாடசாலைக்கு இறங்குவார்கள்.

ஆக, உங்கள் மகளின் 6.10 இன்றைய கணக்கில் 5.40. ஒரு ஜோசியர் அதைக் கழித்திருப்பார், மற்றவர் கழிக்காமல் விட்டிருப்பார். லக்கினம் சுமார் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாறுவது, அரை மணி வித்தியாசம் எல்லையில் விழுந்தால் லக்கினமே மாறிவிடும். எது சரி என்று நான் சொல்லமாட்டேன். "1998 என்பதால் அரை மணி கழித்தீர்களா?" என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி: அம்மா குவைத்தில் வீட்டு வேலை. வியாழன் இரவு 10க்குத்தான் போன் கையில் கொடுப்பார்கள். "வியாழன் இரவு பன்னிரண்டரைக்கு விழித்திரு" என்றார். புதன் இரவெல்லாம் கண் விழித்தேன், வரவில்லை. வியாழன் தூங்கிவிட்டேன், ஏழு மிஸ்ட் கோல்.

குவைத் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், வருசம் முழுக்க அதே. அம்மா கணக்கு சரி. ஆனால் அவர் பத்து மணியில் இருக்கும்போது நீங்கள் நள்ளிரவைத் தாண்டிவிடுகிறீர்கள். நம்ம பேச்சில் "வியாழன் இரவு பன்னிரண்டரை" என்றால் ஒருவர் வியாழன் தொடங்கும் இரவு என்பார், இன்னொருவர் முடியும் இரவு என்பார். நீங்கள் முதல் ஆள். இனி "வியாழன் சாப்பிட்டுப் படுத்து, அலாரம் வைத்து எழும்பு" என்று பேசிக்கொள்ளுங்கள். போனில் அலாரம் வைக்கும்போது கிழமை வெள்ளி, 12.30.

உங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்காமல் கோயில் மேட்டுக்கு ஏறவேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தில் அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலை 5 மணிக்கு அம்மா எழும்பும்போது ஐந்து நிமிடம் கேட்டுப் பார்க்கலாம், உங்களுக்கு 7.30, வெளிச்சம் இருக்கும். போன் அந்த வீட்டுக்காரர் கையில் இருக்கும்வரை இதற்குமேல் என்னிடம் வழி இல்லை. அதுவரை அம்மாவைக் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் விடிந்த பிறகு மேட்டுக்கு ஏறிக் கேட்கலாம்.

மறுபடி நோர்வூட் தங்கச்சி: ஞாயிறு 7.30க்குப் பேசினோம் அண்ணே, இரண்டு மணித்தியாலம்! ஆனால் மார்ச்சில் மணி மாறும் என்று அவளுக்கு யாரோ சொன்னார்களாம். "என் ஒன்பது ஒன்பதுதான், நீ மாறிக்கொள்" என்கிறாள். நான் ஏன் மாறவேண்டும்? அவள் ஊர்தானே மாறுகிறது?

அவள் ஒன்பதைப் பிடித்தால் உனக்கு 6.30. நீ 7.30ஐப் பிடித்தால் அவளுக்கு இரவு 10. தலவாக்கலைத் தம்பிக்கு நம்ம மணியைப் பிடிக்கச் சொன்னேன், அங்கே மூன்று பேர். இங்கே இரண்டே பேர், அவளுக்கு மறுநாளும் லீவு, பத்து மணி பெரிய கஷ்டமில்லை. ஆனால் உனக்கும் ஞாயிறு ஒன்றுதான் தூங்கும் நாள் என்று அவளிடம் சொன்னாயா?

எதை முடிவு செய்தாலும், மாறும் வாரத்தைக் குழப்பிக்கொள்ளாதே. டொரொண்டோவில் மாறுவது ஞாயிறு விடியற்காலை 2 மணிக்கு. அதற்கு முந்திய சனி இரவு அவள் எடுக்கும் கோல் இன்னும் பழைய கணக்குத்தான். புதிய கணக்கு அடுத்த வாரத்திலிருந்து. குறுக்கு வழியில் ஒன்றரைக்குப் பதில் இரண்டரை கூட்டு. நவம்பர் முதல் ஞாயிறு திரும்ப மாறும்போதும் இதே மாதிரிதான், அதற்கு அடுத்த வாரத்திலிருந்து திரும்பவும் ஒன்றரை.