பந்து பலூன் போல மிதக்கிறது, கை சுருங்குகிறது: எங்கே தவறு?

கேள்வி: சிறுவன் ஒருவன் பந்தை எறியும் காட்சியைக் காகிதத்தில் வரைகிறேன். எல்லா அசைவுக்கும் ஸ்லோ இன், ஸ்லோ அவுட் வைத்தேன், அதாவது தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் குறையும்படி படங்களை நெருக்கினேன். ஆனாலும் பந்து பலூன் போல மிதக்கிறது, கை நடுவழியில் சுருங்குகிறது. என்ன செய்வது?

பதில்: "எல்லா அசைவுக்கும்" என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். கையை விட்டுப் பிரிந்த பந்தைத் தள்ள யாரும் இல்லை. புவியீர்ப்பு மட்டுமே அதன் மேல் வேலை செய்கிறது. அது மேலே போகும்போது வேகம் குறையும், கீழே வரும்போது கூடும். பக்கவாட்டில் வேகம் ஏறக்குறைய மாறாது. ஆகவே பந்துக்கு ஒன்றல்ல, இரண்டு இடைவெளிக் கணக்குகள் தேவை.

ஓர் உதாரணம். பந்து 16 செ.மீ. உயரம் போய் இறங்குகிறது. ஏறுவதற்கு நான்கு இடைவெளி, இறங்குவதற்கு நான்கு, மொத்தம் ஒன்பது படங்கள். உச்சியிலிருந்து கீழ்நோக்கி 1, 3, 5, 7 செ.மீ. என்று இறக்குங்கள். இந்த ஒற்றைப்படை வரிசை கலிலியோ காலத்திலிருந்தே தெரிந்தது. பக்கவாட்டில் ஒவ்வொரு படத்துக்கும் சமமாக 3 செ.மீ. நகர்த்துங்கள். அப்போது உயரங்கள் 0, 7, 12, 15, 16, 15, 12, 7, 0 என்று அமையும். புள்ளிகளைச் சேர்த்தால் வளைவு தானாகவே கிடைத்துவிடும். தனியாக வரைய வேண்டியதில்லை.

உங்கள் பந்து மிதப்பதற்குக் காரணம், பக்கவாட்டு நகர்வையும் உச்சியில் நெருக்கிவிட்டதுதான் என்று நினைக்கிறேன். பந்து உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தரையைத் தொடும் இடத்திலும் நெருக்கினால் கேட்கவே வேண்டாம், மெத்தையில் இறங்குவது போல இருக்கும். தரையை நெருங்கும்போதுதான் இடைவெளி மிக அகலமாக இருக்க வேண்டும். Blender போன்ற மென்பொருளிலும் இதே விபத்து நடக்கும். அங்கே அசைவு தொடங்கும், திரும்பும், முடியும் கீகளில், அதாவது முக்கிய நிலைகளில், வேகம் தானாகக் குறையும்படிதான் முன்னமைப்பு இருக்கிறது.

இனி கை. நான் ஸ்டுடியோவில் சேர்ந்த புதிதில் கையின் இரு கீ படங்களை லைட் பாக்ஸில் அடுக்கி, மணிக்கட்டுகளுக்கு நேர் நடுவில் புள்ளி வைத்து இடைப்படம் வரைந்தேன். மேற்பார்வையாளர் எதுவும் சொல்லவில்லை. ஒரு காகிதத் துண்டைக் கிழித்து, முதல் படத்தில் தோளிலிருந்து மணிக்கட்டு வரையிலான நீளத்தை அதில் குறித்தார். அதை என் இடைப்படத்தின் மேல் வைத்தார். முதல் படத்தில் 10 செ.மீ. இருந்த கை இடைப்படத்தில் 7 செ.மீ.தான் இருந்தது. 90 பாகை வீசும் கைக்கு நேர்கோட்டில் நடுப்புள்ளி எடுத்தால் இப்படித்தான் ஆகும். கை தோளை மையமாகக் கொண்டு சுழல்கிறது. மணிக்கட்டு வட்டவில்லில்தான் போக முடியும். அந்தக் காகிதத் துண்டை இன்றும் பயன்படுத்துகிறேன். நடு நிலையை, அதாவது பிரேக்டவுனை, முதலில் வளைவின் மேல் வரைந்துவிடுங்கள். மற்ற இடைப்படங்கள் அதைப் பார்த்துத்தான் அமையும். கை நம்மை நோக்கி நீண்டாலோ முழங்கை மடங்கினாலோ மட்டும் துண்டின் அளவு பொருந்தாது.

நடக்கும்போது சும்மா ஆடும் கைக்கு நீங்கள் வைத்த ஸ்லோ இன், ஸ்லோ அவுட் சரியாகவே பொருந்தும். படங்களுக்கு 1 முதல் 13 வரை ஒற்றைப்படை எண் கொடுத்தால், படங்களின் இடைவெளியைக் காட்டும் சார்ட் இப்படி வரும்:

```
1   3   5       7       9   11  13
|---|---|-------|-------|---|---|
```

7 நடு நிலை. 1க்கும் 7க்கும் பாதியில் 5, 1க்கும் 5க்கும் பாதியில் 3. மறுபக்கமும் அப்படியே. பாதியைப் பாதியாக்குவதால் கண்ணாலேயே அளந்துவிடலாம். பாகையில் சொன்னால் ஏறத்தாழ 0, 11, 22, 45, 68, 79, 90.

எறியும் கைக்கு இதே சார்ட்டைப் போட்டால்தான் கெடும். பின்னால் ஓங்கிய நிலையில் படங்களை நெருக்குங்கள். பந்தை விடும் இடத்தில் நெருக்காதீர்கள். மேலே சொன்ன பந்து முதல் இடைவெளியில் 3 செ.மீ. பக்கவாட்டிலும் 7 செ.மீ. மேலேயும் போகிறது, அதாவது சாய்வாக 7.6 செ.மீ. பந்தை விடுவதற்கு முந்தைய கடைசி இடைவெளியில் கையும் ஏறத்தாழ அவ்வளவு தூரம் கடந்திருக்க வேண்டும். 10 செ.மீ. கைக்கு அது 45 பாகை வீச்சு. கை 3 செ.மீ. மட்டும் நகர்ந்திருந்தால், பந்து தானாகத் துள்ளிக் குதித்தது போலத் தெரியும். திசையையும் பாருங்கள்: கைவளைவின் நுனி எந்தப் பக்கம் நோக்குகிறதோ, பந்தின் பாதை அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். கையின் வேகம் குறைவதெல்லாம் பந்து பிரிந்த பிறகு, கை மார்பைத் தாண்டிக் கீழே இறங்கும் படங்களில்.