வோல்டேஜை ஏற்றினாலும் பீக் ஏன் கூர்மையாகவில்லை?

ஐயா, வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் சோடியம் அயோடைடு டிடெக்டரின் முன் சீசியம்-137 வைத்துப் பார்க்கிறோம். உயர் மின்னழுத்தத்தை 800 வோல்ட்டிலிருந்து 900க்கு ஏற்றினால் பல்ஸ் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிறது. ஆனால் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பீக்கின் அகலம் 7 சதவீதத்திலேயே நிற்கிறது. சிக்னல் பெரிதானால் அளவீடும் துல்லியமாக வேண்டாமா?

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டியதில்லை. படிகத்தின் ஒளியை மின் சிக்னலாக்கும் ஃபோட்டோமல்டிபிளையர் குழாய்க்குள் பெருக்கம் தொடங்குவதற்கு முன்பே துல்லியத்தின் கதை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு காமா ஃபோட்டானைக் கணக்குப் போட்டபடி பின்தொடர்ந்தால் இது புரியும்.

படிகத்துக்குள் நுழையும் காமா தன் ஆற்றலை எலக்ட்ரான்களிடம் கொடுக்கிறது. ஒரே மோதலில் கொடுக்கலாம், காம்ப்டன் சிதறலாக இரண்டு மூன்று தவணைகளிலும் கொடுக்கலாம். எல்லாம் ஒரு நானோ விநாடிக்குள் முடிந்துவிடுவதால் நமக்குக் கிடைப்பது ஒரே கூட்டுத்தொகைதான். (பாதியில் வெளியே தப்பிப்போனவை பீக்குக்கு இடப்பக்கம் மேடாகக் கிடக்கும், அவற்றை விட்டுவிடுவோம்.) அந்த எலக்ட்ரான் ஓடும் வழியெல்லாம் எலக்ட்ரான்-துளை ஜோடிகளை உண்டாக்குகிறது. சோடியம் அயோடைடின் ஆற்றல் இடைவெளி சுமார் 6 எலக்ட்ரான்வோல்ட். ஆனால் ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய அதன் மூன்று மடங்கு செலவாகிறது, மிச்சம் படிகத்தில் வெப்பமாகப் போகிறது. ஆக 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சுமார் 37,000 ஜோடிகள். இவை படிகத்தில் சிறிதளவு கலந்திருக்கும் தாலியம் அணுக்களிடம் வந்து சேரும்போதுதான் 415 நானோமீட்டர் அளவில் நீல ஒளி பிறக்கிறது.

இந்தப் படிகத்தின் ஒளி விளைச்சல் ஒரு மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சுமார் 38,000 ஃபோட்டான்கள். நம் காமாவுக்கு 25,000. ஒவ்வொன்றும் 3 எலக்ட்ரான்வோல்ட் என்றால், வந்த ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்குதான் ஒளியாகிறது. நல்ல படிகமே இவ்வளவுதான் தருகிறது!

அப்புறம் வடிகட்டல் தொடங்குகிறது. சுவர்களில் பட்டுத் திரும்பி குழாயின் கண்ணாடியை எட்டுபவை 80 சதவீதம் என்று வைத்தால் 20,000. கண்ணாடியின் உட்புறப் பூச்சான போட்டோகேதோடு நான்கு ஃபோட்டானுக்கு ஓர் எலக்ட்ரான்தான் தரும், எனவே 5,000. அதிலும் எலக்ட்ரான்களைப் பெருக்கும் தகடுகளான டைனோடுகளில் முதலாவதைச் சரியாகச் சென்று அடைபவை சுமார் 4,500. உங்கள் அளவீட்டின் குறுகலான கழுத்து இதுதான். 4,500 என்ற எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் அதன் வர்க்கமூலமான 67 அளவுக்கு ஏறி இறங்கும். அது 1.5 சதவீதம். பாதி உயரத்தில் அகலமாக்க 2.35ஆல் பெருக்கினால் 3.5 சதவீதம்.

இதற்குப் பிறகுதான் உங்கள் 900 வோல்ட்டுக்கு வேலை. பத்து டைனோடுகள், ஒவ்வொன்றிலும் நான்கு மடங்கு என்றால் பெருக்கம் பத்து லட்சம். 4,500 எலக்ட்ரான்கள் சுமார் 720 பிகோகூலம் மின்னூட்டமாக வெளியே வருகின்றன. படிகத்தின் ஒளி 230 நானோ விநாடிக் காலமாறிலியோடு தேய்வதால், உச்ச மின்னோட்டம் 3 மில்லிஆம்பியர். 50 ஓம் முனையில் ஆசிலோஸ்கோப் வைத்தால் சுமார் 0.16 வோல்ட் ஆழத்துக்கு ஒரு எதிர்மறைப் பல்ஸ் சட்டென்று இறங்கி, மெல்ல ஏறுவதைப் பார்க்கலாம்.

பெருக்கம் மின்னழுத்தத்தின் ஏழாம் அடுக்கை ஒட்டி மாறும். 900/800 என்பதை ஏழாம் அடுக்குக்கு உயர்த்தினால் 2.28, நீங்கள் பார்த்த அதே 'இரண்டு மடங்குக்கு மேல்'. ஆனால் 4,500உம் பெரிதாகிறது, அதன் 67உம் அதே விகிதத்தில் பெரிதாகிறது. விகிதம் மாறுவதில்லை. டைனோடுகளும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் ஏற்ற இறக்கம் சேர்க்கின்றன, பெரும்பாலும் முதல் டைனோடு. அதையும் சேர்த்தால் 3.5 என்பது 4 ஆகும். மின்னழுத்தம் மிகவும் குறைவாக இருந்தால் முதல் டைனோடு சரியாகச் சேகரிக்காது, அந்த நிலையில் மட்டும் ஏற்றுவது பலன் தரும்.

சரி, 4க்கும் உங்கள் 7க்கும் நடுவே? வர்க்கங்களைக் கழித்தால் 5.7 சதவீதம் மிஞ்சுகிறது. இது பெரும்பாலும் படிகத்தின் குணம். குறைந்த ஆற்றல் எலக்ட்ரானுக்கும் கூடிய ஆற்றல் எலக்ட்ரானுக்கும் அது ஒரே விகிதத்தில் ஒளி தருவதில்லை. எனவே ஒரே 662ஐ இரண்டு தவணையில் கொடுத்த காமாவும் ஒரே தவணையில் கொடுத்த காமாவும் சற்றே வேறான ஒளியைத் தருகின்றன.

இந்தக் கணக்கால் பழுதையும் பிடிக்கலாம். ஈரம் புகுந்து படிகம் மஞ்சளித்தோ, படிகத்துக்கும் குழாய்க்கும் நடுவே கிரீஸ் விலகிக் காற்று புகுந்தோ ஒளி பாதியானால், எலக்ட்ரான்கள் 2,250 ஆகும். புள்ளியியல் பங்கு 4இலிருந்து 5.7 ஆகி, மொத்த அகலம் 8 சதவீதத்தைத் தொடும். பீக்கும் பாதிச் சானலுக்கு நகர்ந்துவிடும். அப்போது வோல்டேஜை ஏற்றுங்கள். பீக் பழைய இடத்துக்கு வந்து, அகலமும் 7ஆகவே இருந்தால் மின்னழுத்தமோ பெருக்கமோதான் இறங்கியிருந்தது. இடத்துக்கு வந்தும் அகலம் 8இலேயே நின்றால் ஒளி தொலைகிறது, குழாயைக் கழற்றிப் படிகத்தின் ஜன்னலைப் பாருங்கள்.